தட்டைத் திருப்பிப் பாருங்கள்!

“தம்பி, இது எங்க அப்பாயி கப்பல்ல கொண்டு வந்த தட்டு. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. இதை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்!”

தைப்பிங்கில் இருக்கும் என் பெரியம்மா, கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் நிமிர்த்தி வைத்திருந்த நீலப் பூத்தட்டைக் காட்டி இப்படிச் சொன்னார். அவருக்கு வயது எண்பத்தாறு. தோட்டத்து லயத்தில் பிறந்து, பட்டணத்துக்குக் குடிவந்தவர். வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஈப்போவுக்குப் போகப் போகிறார். சாமான்களைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து போயிருக்கிறார். நீலத் தட்டு, எனாமல் தூக்குச்சட்டி இரண்டையும் சும்மா பார்த்துவிட்டு, “நூற்றைம்பது வெள்ளி தருகிறேன். அதோ, பின்கட்டில் பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கும் தட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்” என்றாராம். பூந்தொட்டித் தட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நீலத் தட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதில்தான் என் பெரியம்மாவின் மகளுக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல்.

“பெரியம்மா, மூன்றையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு டார்ச்சு விளக்கு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மெல்லிய துணி. எனக்குத் தேவைப்பட்டவை இவ்வளவுதான்.

பழைய தட்டின் வயதை அதன் முகம் பாதி சொல்லும். முதுகு மீதியைச் சொல்லும். அன்று மூன்று பொருள்களும் என்ன சொல்லின என்பதை நேயர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கக்கூடும்.

பூ எப்படித் தட்டில் ஏறியது?

முதலில், பூ கையால் வரைந்ததா, அச்சில் பதித்ததா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1756ஆம் ஆண்டிலேயே லிவர்பூல் நகரத்து ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200 ஓடுகளுக்குமேல் அச்சடித்துக் காட்டியதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய அச்சு மெருகுக்கு மேலே இருந்தது. தேய்த்தால் நாளடைவில் போய்விடும். மெருகுக்கு அடியில் நீல அச்சைப் பதிக்கும் வழி 1780களில்தான் ஸ்டஃபோர்ட்ஷையர் பீங்கான் சூளைகளில் கைவந்தது.

வேலை நடந்த முறை இதுதான். செப்புத் தகட்டில் சித்திரத்தைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் செதுக்குவார்கள். தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த சாயத்தை அந்தப் பள்ளங்களில் தேய்த்து நிரப்புவார்கள். மேலே மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வரும். அந்தத் தாளைக் கத்தரித்து, ஒருமுறை சுட்டு எடுத்த மெருகிடாத தட்டின்மேல் ஒட்டி, விறைப்பான தூரிகையால் நன்றாகத் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரில் நனைத்தால் தாள் கழன்று போகும். படம் தட்டிலேயே தங்கிவிடும். அதன்பின் எண்ணெய் போகச் சுட்டு, மெருகில் முக்கி, மறுபடியும் சூளையில் வைப்பார்கள்.

இந்த முறையைத் தெரிந்துகொண்டால் அதன் தடயங்களும் கண்ணில் படும். தட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் பூக்கரை ஒரே துண்டல்ல. தாளை நறுக்கி நறுக்கி ஒட்டியது. ஆகவே எங்காவது ஓர் இடத்தில் கரை சரியாகச் சேராது. பாதிப் பூவோடு இன்னொரு பாதிப் பூ முட்டிக்கொண்டு நிற்கும். இது குறையல்ல, கையால் தாள் ஒட்டியதற்குச் சாட்சி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிழல்கள் யாவும் செதுக்கிய கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆனவையாக இருக்கும். தூரிகை இழுத்த தடம் இருக்காது. அண்மைக்கால அச்சிலோ, செய்தித்தாள் படத்தில் இருப்பதுபோல வரிசை பிசகாத புள்ளிகள் தெரியும்; அல்லது நிறம் ஒரே சீராகப் பூசியதுபோல் இருக்கும். கரையும் பிசிறில்லாமல் வட்டமாக முடிந்திருக்கும்.

பூவை நம்பி வயது சொல்லாதீர்கள்

பெரியம்மாவின் நீலத் தட்டில் இருந்தது நம்மில் பலர் கண்டிருக்கக்கூடிய சித்திரம்தான். நடுவில் ஆற்றோரம் சாய்ந்த மரம், பாலத்தின்மேல் மூன்று ஆட்கள், சீனத்து மண்டபம், முன்புறம் வேலி, மேலே இரண்டு பறவைகள். ‘வில்லோ’ என்று இதற்குப் பெயர். சீனாவிலிருந்து வந்த நீலப் பீங்கானைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் 1790ஆம் ஆண்டை ஒட்டிக் கற்பனையாக உருவாக்கிய சித்திரம் இது. ஓடிப்போன காதலர்கள் பறவைகளானார்கள் என்று சொல்லும் கதையும் சீனாவில் பிறந்ததல்ல. சித்திரம் புகழ்பெற்ற பிறகு இங்கிலாந்தில் கட்டிய கதை.

இந்த ஒரே சித்திரத்தை நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருநூறு ஆண்டுகளுக்குமேல் அச்சடித்து வந்திருக்கின்றன. ஆகவே வில்லோ தட்டு என்று தெரிந்துகொண்டதால் அது 1800ஆம் ஆண்டைச் சேர்ந்ததா, 1960ஆம் ஆண்டைச் சேர்ந்ததா என்று தெரியாது. புகழ்பெற்ற பூவே வயதைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் பூ!

வெடிப்புக் கோடுகளும் அப்படித்தான். மெருகின்மேல் சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால், “ஆகா, எவ்வளவு பழையது!” என்கிறோம். மெருகும் உள்ளிருக்கும் மண்ணும் ஒரே அளவில் விரியாமலும் சுருங்காமலும் போனால், பத்து ஆண்டுத் தட்டிலும் வெடிப்பு வரும். தேயிலைச் சாற்றில் ஊறவைத்து அதற்குப் பழுப்பு நிறம் ஏற்றி ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

அப்படியானால் எதை நம்புவது? தட்டைத் திருப்ப வேண்டியதுதான்.

முதுகில் இருக்கும் எழுத்து

அடிமுத்திரையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலியைப் போன்றது. ‘இந்த ஆண்டுக்கு முன்பு நான் பிறந்திருக்க முடியாது’ என்று மட்டும் அது சொல்லும். ‘இந்த ஆண்டில்தான் பிறந்தேன்’ என்று பெரும்பாலும் சொல்லாது. இதை மறந்தால் கணக்குத் தவறிவிடும்.

‘இங்கிலாண்டு’ என்று நாட்டின் பெயர் இருந்தால், பொதுவாக 1891ஆம் ஆண்டுக்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சட்டம் கொண்டுவந்தது. அது மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தையை இழக்க விரும்பாத பட்டறைகள் நாட்டின் பெயரைப் பொறிக்கத் தொடங்கின. ‘மேட் இன் இங்கிலாண்டு’ என்று முழுச் சொற்றொடராக இருந்தால், அது இருபதாம் நூற்றாண்டுத் தட்டு என்று கொள்ளலாம். ‘லிமிடெட்’ என்ற சொல் இருந்தால், 1860க்கு முன் போக வேண்டாம். பெரும்பாலானவை 1880க்குப் பிந்தியவையே.

இனி நீலத் தட்டுக்கு வருவோம். கழுவித் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். நீல எழுத்தில், ‘பாரட்ஸ் ஆஃப் ஸ்டஃபோர்ட்ஷையர் லிமிடெட், மேட் இன் இங்கிலாண்டு’ என்று இருந்தது.

இங்கேதான் பட்டறையின் பெயர் உதவுகிறது. பர்ஸ்லம் ஊரில் கேட்டர் ஹால் என்ற பெயரில் நடந்துவந்த பட்டறை, 1943ஆம் ஆண்டில்தான் பாரட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே தட்டு 1943க்கு முன் பிறந்திருக்க முடியாது. 1943இல் நம் நாடு யார் கையில் இருந்தது? ஜப்பானியர் கையில். 1945 செப்டம்பர் வரை இங்கிலாந்துப் பீங்கான் மலாயாவுக்குள் வந்திருக்க வழியில்லை. பெரியம்மாவின் அப்பாயி கப்பலேறி வந்ததோ 1913ஆம் ஆண்டில்.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பெரியம்மாவின் முகம் வாடிப்போனது. “அப்போ எங்க அப்பாவும் அம்மாவும் பொய்யா சொன்னாங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. “மற்ற இரண்டையும் பார்த்துவிடுவோம் பெரியம்மா” என்று மட்டும் சொன்னேன்.

பூந்தொட்டிக்கு அடியில் இருந்த தட்டு

பின்கட்டுத் தட்டில் பாசி படிந்திருந்தது. கழுவியதும் பழுப்பு நிறச் சித்திரம் வெளிப்பட்டது. ஒரு பக்கம் மூங்கில் கிளையில் அமர்ந்த குருவி, மறு பக்கம் பாதி மறைந்த கைவிசிறி. தட்டின் மையத்துக்கும் சித்திரத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எல்லாம் ஓர் ஓரமாகச் சாய்ந்திருந்தன.

முதலில் நிறத்தைப் பார்த்தேன். ஆரம்ப காலத்தில் மெருகுக்கு அடியில் நீலம் ஒன்றுதான் அச்சடிக்க முடிந்தது. நீலத்தைத் தரும் கோபால்ட் மட்டுமே மெருகுச் சூளையின் சூட்டைத் தாங்கி, கலங்காமல் நின்றது. பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, பழுப்பு போன்ற நிறங்கள் 1820களின் கடைசியில்தான் பரவலாக வந்தன. ஆகவே பழுப்புத் தட்டு அதற்குப் பிந்தியது.

அடுத்து சித்திரத்தின் போக்கு. ஜப்பான் 1850களில் வெளி வாணிபத்துக்குக் கதவைத் திறந்த பிறகு, அந்நாட்டுக் கலைப் பொருள்கள் ஐரோப்பாவில் ஒரு மோகத்தை உண்டாக்கின. விசிறி, மூங்கில், குருவி, நிலவு ஆகியவற்றை ஓரமாகச் சாய்த்து வரையும் பாணி 1870களிலும் 80களிலும் இங்கிலாந்துத் தட்டுகளில் ஓங்கி நின்றது. அதிலும் பழுப்பு அச்சுக்குத்தான் அப்போது மவுசு. வில்லோவைப்போல் எந்தக் காலத்துக்கும் பொதுவான சித்திரமல்ல இது. வந்து, சில காலம் இருந்து, போன பாணி. இப்படிப்பட்ட சித்திரம்தான் வயதைச் சொல்ல உதவும்.

பிறகு முதுகு. பட்டறைப் பெயர் இல்லை. ‘இங்கிலாண்டு’ என்ற சொல்லும் இல்லை. ஆனால் சிறு விரல்நகம் அளவில் ஒரு வைரக்கட்டம் இருந்தது. சீட்டுக்கட்டு டைமண்டைப்போல நிற்கும் கட்டம். தலையில் ஒரு சின்ன வட்டம். மூலைகளில் எழுத்துகளும் எண்களும்.

தட்டுக்கு அடியில் இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது. ஒரு சித்திரத்தை மற்றவர் திருடாமல் இருக்க, இங்கிலாந்தில் அரசாங்கப் பதிவேட்டில் பதிவு செய்வார்கள். பதிவு செய்த நாளைச் சங்கேதமாக எழுதிய கட்டம் இது. 1842 முதல் 1883 வரை இது வழக்கத்தில் இருந்தது. 1884 முதல் கட்டத்துக்குப் பதிலாக, ‘ஆர்டி நம்பர்’ என்ற சொல்லோடு வரிசை எண் போட்டார்கள். 1884 தொடக்கத்தில் ஒன்றிலிருந்து ஆரம்பித்த அந்த எண், 1900 தொடக்கத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வட்டத்துக்குள் ரோமன் எண் நான்கு இருந்தால் அது பீங்கான் வகை. அடுத்து, வட்டத்துக்கு நேர் கீழே உள்ள மேல்மூலையைப் பாருங்கள். அங்கே எழுத்து இருந்தால் 1842 முதல் 1867 வரையிலான முதல் காலம்; அந்த எழுத்தே ஆண்டைக் குறிக்கும். அங்கே எண் இருந்தால் 1868 முதல் 1883 வரையிலான இரண்டாம் காலம். மேலே உள்ள எண் தேதி, வலமூலை எழுத்து ஆண்டு, கீழ்மூலை எழுத்து மாதம், இடமூலை எண் பதிவுக் கட்டின் எண்.

ஆண்டெழுத்துகள் அகர வரிசையில் வருவதில்லை. இரண்டாம் காலத்தில் 1868 எக்ஸ், 1869 எச், 1870 சி, 1871 ஏ என்று தொடங்கும். 1878 டி, 1879 ஒய், 1880 ஜே, 1881 ஈ, 1882 எல், 1883 கே என்று முடியும். அதே எழுத்துகள் முதல் காலத்திலும் உண்டு. உதாரணமாக ஈ என்பது அங்கே 1855ஐக் குறிக்கும். மேல்மூலையைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்தால், இருபத்தாறு ஆண்டு பிசகிவிடும்!

எங்கள் தட்டில் மேல்மூலை சரியாகப் பதியாமல் மை கலங்கியிருந்தது. விளக்கை எப்படிச் சாய்த்தும் எத்தனையாம் தேதி என்று தெரியவில்லை. ஆனால் அங்கே இருந்தது எண் என்பது தெரிந்தது. முதல் இலக்கம் ‘1’. எனவே இரண்டாம் காலம். வலமூலையில் ஈ, ஆகவே 1881. கீழ்மூலையில் டி, அது செப்டம்பர். இடமூலையில் 4.

தேதியும் முழுதாகக் கிடைத்திருந்தால், கட்டின் எண்ணோடு சேர்த்து, இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளில் தேடிப் பட்டறையின் பெயரையே கண்டுபிடித்திருக்கலாம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் வயதுக்கு இரண்டு வேலிகள் கிடைத்துவிட்டன. சித்திரம் பதிவானது 1881 செப்டம்பரில். தட்டு அதற்கு முந்தியதல்ல. ‘இங்கிலாண்டு’ என்ற சொல் இல்லாததால், 1891க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த இரண்டாவது வேலி மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. செப்புத் தகடு தேயும்வரை பழைய முத்திரையோடு அச்சடிப்பது உண்டு. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் நாட்டின் பெயரை விட்டுவிட்டதும் உண்டு. ஆனாலும் நிறம், பாணி, கட்டம் மூன்றும் ஒரே காலத்தைக் காட்டும்போது ஐயம் குறைகிறது.

பூந்தொட்டிக்கு அடியில் நனைந்து கிடந்த தட்டு, அலமாரியில் வீற்றிருந்த தட்டைவிட அரை நூற்றாண்டுக்குமேல் மூத்தது! வியாபாரி ஏன் அதையும் ‘சேர்த்துக் கொடுங்கள்’ என்றார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

ஜாவி எழுத்துத் தட்டுகள்

நம் நாட்டு வீடுகளில், குறிப்பாகப் பழைய மலாய்க் குடும்பங்களில், இன்னொரு வகைத் தட்டும் இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜே. அண்டு எம். பி. பெல் என்ற பட்டறை, தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே தட்டுகளை அச்சடித்து அனுப்பியது. முதுகில் மணி முத்திரை இருக்கும். சித்திரத்துக்கு மலாய்ச் சொல்லோ இந்த வட்டார ஊர்ப் பெயரோ வைத்திருப்பார்கள். சிலவற்றில் ஜாவி எழுத்தும் காணலாம். இந்தப் பட்டறை 1881இல் லிமிடெட் ஆனது. ஆகவே பட்டறையின் பெயரைக் குறிக்கும் எழுத்துகளின் கடைசியில் ‘எல்டி’ என்ற சுருக்கம் இருந்தால், தட்டு அந்த ஆண்டுக்குப் பிந்தியது. இரண்டே எழுத்து, ஆனால் நல்ல வேலி. இப்படிப்பட்ட தட்டை ‘ஏதோ அரபுத் தட்டு’ என்று எண்ணித் தள்ளிவிடாதீர்கள்.

எனாமல் தூக்குச்சட்டி

மூன்றாவது பொருள் நான்கடுக்குத் தூக்குச்சட்டி. இளம்பச்சை நிறம், பக்கத்தில் ரோஜாக் கொத்து. 1912இல் நடந்த அப்பாயியின் திருமணத்துக்கு வந்த சீர் என்று வீட்டில் சொல்லி வந்தார்கள்.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கி ஏற்றிய கண்ணாடிதான். முதலில் கருநீலமான அடிப்பூச்சைப் பூசிச் சூளையில் வைப்பார்கள். அதில் கலந்திருக்கும் கோபால்ட் இரும்பைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள உதவும். அதன்மேல் வெள்ளையோ மற்ற நிறமோ பூசி மறுபடி சுடுவார்கள். சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரிவது அந்த அடிப்பூச்சும் இரும்பும்தான்.

பூ ஏறியதிலும் இரண்டு வகை உண்டு. அச்சுத் தாளிலிருந்து ஏற்றிய பூவில், இதழின் ஓரமும் நரம்பும் மெல்லிய கோடாகத் தெளிவாக இருக்கும். வெட்டுத் தகட்டை வைத்து நிறத்தைத் தெளித்த பூவில், ஒரு பக்கம் கத்தரித்ததுபோல் நறுக்கென்று இருக்கும். மறு பக்கம் புகைபோல் மங்கி மறையும். 1950களுக்குப் பின் சீனாவிலிருந்து வந்த செம்பருத்தி நிறப் பெரிய பூக்களும் தங்கமீன்களும் போட்ட தட்டுகளிலும் தாம்பாளங்களிலும் இந்தத் தெளிப்பு வேலையை நிறையக் காணலாம். பெரியம்மாவின் தூக்குச்சட்டியில் இருந்ததோ மெல்லிய கோட்டுப் பூ. காதுகள் ஆணி அறைந்து பொருத்தியவை.

எனாமலில் பட்டறைப் பெயரைவிட நாட்டுப் பெயரே அதிகம் பேசும். நாடுகள் பிறந்ததும் பிரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த தேதிகள் அல்லவா? ‘வெஸ்டர்ன் ஜெர்மனி’ அல்லது ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949 முதல் 1990 வரை. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றிருந்தால், ஜப்பான் தோற்று அந்நியர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை. பீங்கானுக்கும் இதே கணக்குத்தான்.

தூக்குச்சட்டியின் அடியில் தேய்ந்துபோன முத்திரை. ‘மேட் இன் செக்கோஸ்லோ…’ என்பதுவரை படிக்க முடிந்தது, அதுவே போதும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918 அக்டோபரில் பிறந்தது. 1992 முடிவோடு மறைந்தது. அதற்குமுன் அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. 1912ஆம் ஆண்டுத் தூக்குச்சட்டியில் இல்லாத ஒரு நாட்டின் பெயர் எப்படி இருக்கும்?

முத்திரைக்குப் பக்கத்தில் ‘14’ என்ற எண் இருந்தது. “1914 இல்லையா அண்ணே?” என்று பெரியம்மாவின் மகள் ஆவலோடு கேட்டாள். பலரும் செய்யும் தவறு இது. சட்டியின் வாயைக் கயிற்றால் அளந்து காட்டினேன். பதினான்கு சென்டிமீட்டர்! எனாமலில் இப்படி வரும் எண் பெரும்பாலும் அளவுதான். பீங்கானிலும் ஆண்டு எண்ணைக் கண்டவுடன் ஏமாறக் கூடாது. ஆடம்ஸ் என்ற பட்டறையின் முத்திரைகளில் ‘1657’ என்று காணப்படும். அது பட்டறை தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டு. தட்டு செய்த ஆண்டல்ல.

தேய்த்துவிடாதீர்கள்

முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். மெருகுக்கு அடியில் இருக்கும் அச்சு இதைத் தாங்கும். மெருகுக்கு மேலே வைத்த முத்திரையும் பொன் எழுத்தும் தாங்கா. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அது மேலே இருப்பது. அதைத் தேய்க்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். மையில்லாமல் பள்ளமாக அழுத்திய முத்திரையானால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழுத்து தாளில் எழும்பி வரும்.

பெரியம்மாவுக்கு நினைவு வந்தது

மாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெகு நேரம் பேசாமல் இருந்த பெரியம்மா மெல்லச் சொன்னார்:

“எனக்கு அப்போ ஆறோ ஏழோ வயசு தம்பி. ஜப்பான்காரன் போன பிறகு அப்பா தைப்பிங் கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தார். காகிதத்துல சுத்தி ஒரு தட்டு. அப்பாயி அதை மடியில வச்சுக்கிட்டு அழுதாங்க. ஏன்னு எனக்கு விளங்கல. அம்மாதான் சொன்னாங்க: அப்பாயி கொண்டு வந்த நீலத் தட்டைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத காலத்துல அரிசிக்கு மாத்திட்டாங்களாம். அதே மாதிரி ஒண்ணை அப்பா தேடி வாங்கி வந்தாராம். இத்தனை வருசம் இதை எப்படி மறந்தேன்?”

பொய் சொன்னவர் யாருமில்லை. ஒரே பூ போட்ட இரண்டு தட்டுகளின் கதை, காலப்போக்கில் ஒரே தட்டின் கதையாகச் சேர்ந்துவிட்டது. தூக்குச்சட்டியும் அப்படித்தான். பெரியம்மாவின் பெற்றோர் திருமணம் 1935இல் நடந்தது. இரண்டு திருமணங்களின் சீர்களும் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். ஆனால் 1935 என்று முத்திரை சொல்லவில்லை. 1912 இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

பழுப்புத் தட்டு? அப்பாயியின் பெட்டியில் வந்ததா, துரை பங்களாவிலிருந்து வந்ததா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. தட்டு எப்போது செய்யப்பட்டது என்பதைத்தான் முதுகைப் பார்த்து அறியலாம். அது எப்போது நம் வீட்டுக்கு வந்தது என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

வியாபாரிக்கு மறுநாள் ‘வேண்டாம்’ என்று சொல்லியாயிற்று. பழுப்புத் தட்டை மகள் எடுத்துக்கொண்டாள். தூக்குச்சட்டியை மருமகள் எடுத்துக்கொண்டாள். நீலத் தட்டைப் பெரியம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், ‘அப்பா வாங்கியது. ஜப்பான்காரன் போன பிறகு. அப்பாயிக்காக’ என்று என்னை எழுதச் சொல்லி, தட்டின் முதுகில் முத்திரையை மறைக்காமல் ஓரமாக ஒட்டச் சொன்னார்.

“நூறு வருசம் இல்லைன்னா என்ன? இதைத்தான் ஈப்போவுக்கு என் மடியில வச்சுக்கிட்டுப் போவேன்” என்றார்.